மானியம் கொடுத்தும் நிறுவனம் ஏன் வளரவில்லை? 48 ரூபாய், 115 நிறுவனங்கள் எப்படி வந்தது?

நித்யா_எம்ஏ

பழைய வினாத்தாள் ஒன்றில் இருந்த கணக்கு இது. நிறைவுப் போட்டியில் துணி நெய்யும் ஒரே மாதிரியான 100 நிறுவனங்கள். நாளைக்கு q மீட்டர் நெய்ய ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு 400 + 20q + q² ரூபாய். விலை P என்றால் சந்தைத் தேவை Q = 3500 − 25P. இப்போது விலை 60, ஒவ்வொரு நிறுவனமும் 20 மீட்டர், மொத்தம் 2000 மீட்டர். அரசு மீட்டருக்கு 12 ரூபாய் உற்பத்தியாளர் கையில் கொடுக்கிறது. விலை, உற்பத்தி, நிறுவனங்களின் எண்ணிக்கை என்ன ஆகும்?

குறுகிய காலத்தில் விலை 52, நிறுவனம் ஒன்றுக்கு 22 மீட்டர் என்பது வரை எனக்குச் சிக்கல் இல்லை. நீண்டகாலத்துக்கு விடைக்குறிப்பில் இருப்பதுதான் மண்டையைக் குடைகிறது: விலை 48, நிறுவனம் ஒன்றுக்கு மறுபடியும் 20 மீட்டர், நிறுவனங்கள் 115, லாபம் பூஜ்யம். அரசு தினமும் காசு கொடுக்கிறது, ஒரு நிறுவனம்கூட பெரிதாகவில்லை, யாருக்கும் மிச்சமும் இல்லை. அப்படியானால் அந்தக் காசு எங்கே போனது?

---

சந்தைக்கடை

விடைக்குறிப்பை நம்ப வேண்டாம். மானியம் எப்போதும் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பிரியும். எந்தப் பக்கம் வளைந்து கொடுக்காதோ அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு. உங்கள் கணக்கில் விலை 60-லிருந்து 52. ஆக வாங்குபவருக்கு 8, விற்பவருக்கு 4. முடிந்தது. 12 முழுவதும் வாங்குபவருக்கே போனது என்றால் விற்பவர் எதற்காகத் தயாரிப்பார்?

---

மலர்விழி

எங்கள் வீட்டு கேஸ் மானியம் என் வங்கிக் கணக்குக்குத்தானே வந்தது. சிலிண்டர் விலை அதனால் குறையவே இல்லையே. இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில் மட்டும்தான் போல.

---

கரும்பலகை

மலர்விழி, உங்கள் கணக்குக்கு வந்ததா விற்பவர் கணக்குக்குப் போனதா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்குக் கொடுத்தால் கடை விலை குறையாமல் நிற்கும், ஆனால் உங்கள் கையை விட்டுப் போகும் நிகரத் தொகை குறையும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. மானியத்தோடு சமையல் எரிவாயுவை விற்பது மூன்று பொதுத்துறை நிறுவனங்கள். நாளை காலை நீங்களும் நானும் பக்கத்துத் தெருவில் நான்காவதைத் தொடங்க முடியாது. நித்யாவின் கேள்வியோ யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் மூடலாம் என்ற தொழிலைப் பற்றியது. விடையின் உயிரே அந்தத் தொடங்குவதிலும் மூடுவதிலும்தான் இருக்கிறது.

சந்தைக்கடை சொன்ன 8-க்கு 4 சரிதான், ஆனால் அது முதல் சில மாதங்களின் படம். அந்த 4 ரூபாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விலை 52, மானியம் 12, நிறுவனத்தின் கையில் மீட்டருக்கு 64 விழுகிறது. 22 மீட்டருக்கு வரவு 1408. செலவு 400 + 440 + 484 = 1324. மிச்சம் 84. இந்த 400-க்குள் முதலாளியின் சொந்த உழைப்புக்கும் போட்ட பணத்துக்கும் உரிய கூலி ஏற்கெனவே அடக்கம். ஆகவே 84 என்பது வேறெங்கும் கிடைக்காத உபரி.

அதை வெளியே நிற்கிறவரும் பார்க்கிறார். அவர் கையில் இருப்பதும் அதே இயந்திரம், அதே செலவுக் கணக்கு. 20 மீட்டர் போட்டாலே மீட்டருக்கு 60-தான் செலவு, கிடைப்பதோ 64. அவர் உள்ளே வருகிறார். பிறகு இன்னொருவர். ஒவ்வொருவர் வரவும் துணி கூடுகிறது, விலை இறங்குகிறது. 50-க்கு வந்தாலும் கையில் 62 விழுவதால் புதியவர்கள் வருவது நிற்காது. 48-க்கு வந்த பிறகுதான் கையில் சரியாக 60. அங்கே புதிதாக வர யாருக்கும் காரணம் இல்லை, போகவும் காரணம் இல்லை. 48 ரூபாயில் மக்கள் வாங்குவது 3500 − 1200 = 2300 மீட்டர். அதை 20 ஆல் வகுத்தால் 115.

அரசு கொடுத்த 12-ம் விலைக்குறைவாக மாறிவிட்டது. நித்யா கேட்ட காசு துணி வாங்கியவர் பையில் இருக்கிறது.

---

நித்யா_எம்ஏ

நன்றி சார். ஆனால் ஒன்று உறுத்துகிறது. புதிய ஆட்கள் வருவதற்கு முன்பே பழைய 100 நிறுவனங்கள் தாங்களே 23 மீட்டர் போட்டால் 2300 வந்துவிடுமே? அவர்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறது. ஏன் 15 புது ஆட்கள்?

---

கரும்பலகை

23-வது மீட்டர் அருகே போகும்போது அடுத்த மீட்டரைத் தயாரிக்கும் செலவு 20 + 46 = 66 ரூபாய். கூடுதல் ஷிப்ட், ஓவர்டைம், பழுது, ஒரே கூரைக்குள் நெருக்கடி, எல்லாம் சேர்ந்து ஏறுகிறது. 48 விலையில் கையில் விழுவது 60. 60 வாங்குவதற்கு யார் 66 செலவழிப்பார்கள்?

மானியம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவு என்பதால் சராசரிச் செலவுக் கோடு மேலிருந்து கீழே நேராக 12 இறங்குகிறதே தவிர, இடமோ வலமோ நகர்வதில்லை. மலிவாகத் தயாரிக்கும் அளவு முன்பும் 20, இப்போதும் 20. நிறுவனத்தின் அளவைத் தீர்மானிப்பது இயந்திரமும் நிர்வாகமும். தொழிலின் அளவைத் தீர்மானிப்பது தேவை. மானியம் இரண்டாவதை மட்டும் மாற்றுகிறது, அந்த மாற்றத்தை எண்ணிக்கை தாங்கிக்கொள்கிறது. இடையில் 22 போனது, புதியவர்கள் கொட்டகை கட்டி முடிக்கும் வரை நடந்த தற்காலிக ஏற்பாடு.

---

பல்லடம்_தறிக்குடோன்

நீங்கள் மீட்டர் மீட்டராக எழுதியதால் உள்ளே வந்தேன். நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள். ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், நாங்கள் காடா துணி நெய்து கொடுப்போம், பிக் கணக்கில், அதாவது ஓட்டிய ஊடை இழைகளின் எண்ணிக்கைக்கு, கூலி. எட்டு தறி.

விசைத்தறிக்கு அரசு இலவச மின்சாரம் கொடுக்கிறது. 2016-ல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் ஆக்கினார்கள், 2023-ல் 1000 யூனிட். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலி பேசப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே?" என்பதுதான். எங்களுக்கு வந்த மானியத்தைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். சார் சொன்ன கதை இதுதானே? எங்கள் ஊரில் தறிகளும் கூடிக்கொண்டே போயின, ஆனால் பெரிய பெரிய குடோன்களாக வரவில்லை. நாலு தறி, ஆறு தறி என்று வீட்டுக்குப் பின்னால் போடுகிறார்கள்.

---

சந்தைக்கடை

பாருங்கள், இவர் மானியத்தில் கொஞ்சமாவது தங்குகிறது என்றுதானே அர்த்தம். இல்லையென்றால் எதற்கு வேண்டும் என்கிறார்.

---

கரும்பலகை

பல்லடத்துக்காரர் சொன்னது பாதி நித்யாவின் கணக்கு, பாதி வேறு கணக்கு. கூலியில் பிடித்துக்கொள்வது அதேதான். கூலிதான் உங்கள் "விலை", நெய்து கொடுப்பதுதான் உங்கள் "பொருள்". ஆனால் ஒன்று கேட்கிறேன். எட்டு தறி ஓடினால் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட்டோடு நிற்குமா?

---

பல்லடம்_தறிக்குடோன்

எங்கே நிற்கும். ஒரு மோட்டாரைப் பகலும் பாதி ராத்திரியும் ஓட்டினால் ரெண்டு தறிக்கே அது போயிடும். மீதிக்குக் காசு கட்டித்தான் ஓட்டுகிறோம்.

---

கரும்பலகை

அங்கேதான் விஷயம். 1000-ஐத் தாண்டிய பிறகு அடுத்த மீட்டர் நெய்ய யூனிட்டுக்கு யூனிட் காசு கட்டுகிறீர்கள். ஆகவே உங்களுக்கு அது மீட்டருக்கு இவ்வளவு என்ற மானியம் இல்லை. "தறிக்குடோன் வைத்திருக்கிறாயா, இந்தா இவ்வளவு" என்று இணைப்புக்குக் கொடுக்கும் மொத்தத் தொகை. இரண்டும் தொழிலை வெவ்வேறு உருவத்துக்குக் கொண்டுபோகும்.

நித்யாவின் எண்களிலேயே காட்டுகிறேன். மீட்டருக்கு 12 என்பதை விட்டுவிட்டு, நிறுவனம் ஒன்றுக்கு நாளைக்கு 175 ரூபாய் மொத்தமாகக் கொடுங்கள். நிலையான செலவு 400-ல் சொந்தச் சுமை இனி 225 மட்டும். கூடுதலாக ஒரு மீட்டர் போடும் செலவு மாறவில்லை. மலிவான அளவு இப்போது 15 மீட்டர்; அங்கே சொந்தச் செலவு மீட்டருக்கு 15 + 20 + 15 = 50. விலை 50-க்கு வரும், விற்பனை 2250, நிறுவனங்கள் 150.

அரசுக்கு ஆகும் செலவு 150 × 175 = 26,250. முந்தைய முறையில் 2300 × 12 = 27,600. கிட்டத்தட்ட ஒரே பணம். ஆனால் அங்கே 115 நிறுவனங்கள் அவரவர் முழு அளவில் ஓடின, இங்கே 150 நிறுவனங்கள் முக்கால் அளவில் ஓடுகின்றன. 15 மீட்டர் மட்டும் போடும் நிறுவனத்தில் மீட்டரின் உண்மையான செலவு, யார் கொடுத்தாலும் சரி, 61 ரூபாய் 67 பைசா. முன்பு 60. வீட்டுக்குப் பின்னால் நாலு தறி என்று நீங்கள் சொன்னதற்கு வேறு காரணங்களும் இருக்கும், குடும்ப உழைப்பு, நிலம், கடன். ஆனால் இணைப்புக்குக் கொடுக்கும் சலுகை அந்தப் பக்கம்தான் தள்ளும்.

---

பல்லடம்_தறிக்குடோன்

தள்ளுகிறது என்ன, சிலர் ஒரே இடத்துக்கு அண்ணன் பேரில் ஒன்று தம்பி பேரில் ஒன்று என்று இணைப்பு வாங்கப் பார்ப்பார்கள். உங்கள் கணக்கில் அதுவும் "புது நிறுவனம்"தானா?

---

கரும்பலகை

எண்ணிக்கையில் ஆமாம். துணியில் இல்லை. 😄

---

டெமாய்ன்_முத்து

நான் இருப்பது அமெரிக்காவில் அயோவா மாநிலம், சோயா காட்டுக்கு நடுவே. 48 ரூபாய் விடைக்கு எதிர் உதாரணம் இங்கே இருக்கிறது.

பயோடீசலுக்கு ஒரு கேலனுக்கு ஒரு டாலர் வரிச்சலுகை 2005-ல் நடைமுறைக்கு வந்தது. சுத்தமான பொருள்-ஒன்றுக்கு-இவ்வளவு மானியம். ஆலைகள் நிறைய, தொழில்நுட்பம் ரகசியம் இல்லை, சின்ன ஆலையும் போடலாம். பாடப்புத்தகப்படி விலை ஒரு டாலர் குறைந்திருக்க வேண்டும். குறைய வழியே இல்லை, ஏனென்றால் லாரிக்காரருக்கு டீசலும் பயோடீசலும் கிட்டத்தட்ட ஒன்று. டீசல் என்ன விலையோ அதை ஒட்டித்தான் இதுவும் விற்க முடியும். டீசலின் விலையை உலகக் கச்சா எண்ணெய்ச் சந்தை தீர்மானிக்கிறது.

அப்படியானால் டாலர் ஆலைக்காரரிடம் தங்கியதா? அதுவும் இல்லை. ஒரு கேலன் பயோடீசலுக்குச் சுமார் ஏழரை பவுண்டு சோயா எண்ணெய் வேண்டும், ஆலையின் செலவில் பெரும் பங்கு அதுதான். ஆலைகள் போட்டி போட்டு சோயா எண்ணெய் வாங்கும்போது, ஒரு டாலரை ஏழரையால் வகுத்தால் பவுண்டுக்கு 13 சென்ட் வரை கூடுதலாகக் கொடுக்க அவர்களால் முடியும். அந்த எல்லை வரை எண்ணெய் விலையை அவர்களே ஏற்றிவிட்டால் ஆலையின் லாபம் மறுபடி பூஜ்யம். பலன் எண்ணெய் ஆட்டுபவருக்கும், அவர் வழியாக சோயா விவசாயிக்கும், கடைசியில் நிலத்துக்கும்.

---

சந்தைக்கடை

நான் முதலிலேயே சொன்னேன்! விற்பவர் பக்கத்துக்குப் போகிறது.

---

டெமாய்ன்_முத்து

பக்கம் சரி, ஆள் வேறு. பயோடீசல் விற்பவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவருக்கு எண்ணெய் விற்பவருக்கு மிஞ்சியது.

---

கரும்பலகை

முத்து சொன்னதோடு நித்யாவின் கணக்கு முரண்படவில்லை. அந்தக் கணக்கில் சொல்லாமல் ஒளிந்திருந்த அனுமானத்தைத்தான் அவர் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். 100 நிறுவனங்கள் 115 ஆனபோதும் ஒவ்வொன்றின் செலவும் அதே 400 + 20q + q² என்று வைத்துக்கொண்டோம். 15 பேர் கூடுதலாக வந்து நூல் வாங்கியும் நூல் விலை அசையவில்லை என்று அர்த்தம். பெரிய நூல் சந்தையில் இந்தத் தொழில் சிறு துளி என்றால் அது சரி. தொழில் பெருகும்போது ஏதோ ஒரு இடுபொருள் போதாமல் போனால் செலவுக் கோடு எல்லோருக்கும் மேலே ஏறும், விலை 48 வரை இறங்காது, 53-லோ 55-லோ நின்றுவிடும். நிறுவனங்களும் 115-க்குக் குறைவாகவே வரும். நிறுவனத்தின் லாபம் அப்போதும் பூஜ்யம்தான். வரம்பில்லாமல் உள்ளே வரக்கூடிய எவருக்கும் மானியம் ஒட்டாது, எது அளவோடு இருக்கிறதோ அதன் சொந்தக்காரருக்குத்தான் ஒட்டும்.

---

நித்யா_எம்ஏ

இது புரிந்தது. அப்படியானால் 115 பேருக்கும் மானியத்தால் லாபம் இல்லை என்றால், அதை நிறுத்தும்போது ஏன் எல்லோரும் சண்டை போடுகிறார்கள்? கிடைக்காத லாபத்துக்கா?

---

கரும்பலகை

இதை வினாத்தாளில் கேட்டிருக்க வேண்டும். நிறுத்தும் நாளில் சந்தையில் இருப்பது 100 பேர் இல்லை, 115 பேர். இயந்திரங்கள் நிறுவப்பட்டுவிட்டன. கணக்குப் போட்டால் விலை 48-லிருந்து 60-க்குத் தாவாது, சுமார் 56 ரூபாய் 36 பைசாவில் நிற்கும். ஒவ்வொருவரும் 18 மீட்டர் சொச்சம் போடுவார்கள், நாளைக்கு ஏறக்குறைய 69 ரூபாய் நஷ்டத்தில். மீட்டருக்கான மாறும் செலவு 38 ரூபாய்தான் என்பதால் இயந்திரத்தை நிறுத்துவதைவிட நஷ்டத்தில் ஓட்டுவதே மேல். 400-ல் பெரும்பகுதி போட்டுவிட்ட பணம் என்றால், 15 பேர் விழும் வரை மற்ற 100 பேரும் சேர்ந்து நஷ்டப்படுவார்கள். வரும்போது முதலில் வந்தவருக்கு 84 லாபம், போகும்போது இருப்பவர் அனைவருக்கும் 69 நஷ்டம். சண்டை அதற்குத்தான்.

---

பல்லடம்_தறிக்குடோன்

பழைய தறியைக் கழற்றி எடைக்குப் போடுகிற நிலைமை வந்தால்தான் ஒருவன் போவான். அதுவரை கடன் வாங்கி ஓட்டுவான். இது கணக்கில்லாமலே எங்களுக்குத் தெரியும்.

---

டெமாய்ன்_முத்து

இங்கே அப்படி நடக்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்த டாலர் 2009 இறுதியில் காலாவதியானது. புதுப்பிக்காமல் 2010 கிட்டத்தட்ட முழுவதும் ஓடியது, டிசம்பரில்தான் முன்தேதியிட்டுத் திரும்பக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 2009-ன் 51 கோடி கேலன் சொச்சத்திலிருந்து 34 கோடிக்கு வந்துவிட்டது. பல ஆலைகள் நஷ்டத்தில் ஓட்டவில்லை, பூட்டிவிட்டு உட்கார்ந்தன. காரணம் கரும்பலகை சொன்னதன் மறுபக்கம். தறிக்குடோனில் நூல் வேறொருவருடையது, போட்ட பணம் தறியில். பயோடீசல் ஆலையில் செலவின் பெரும்பங்கு தினமும் வாங்கும் எண்ணெயில். எண்ணெய்க்கே காசு தேறாது என்றால் ஓட்டி என்ன பயன்? ஆனால் பூட்டிய ஆலை கலைந்துவிடவில்லை. 2011-ல் சலுகை இருந்தபோது உற்பத்தி 96 கோடி கேலனைத் தாண்டியது.

அந்த நேரத்தில் ஆலைகளை எண்ணச் சொன்னால் என்ன எண்ணுவீர்கள்? ஓடுகிறவற்றையா, பூட்டிக்கிடந்து திரும்பி வரக்கூடியவற்றையும் சேர்த்தா?

---

சந்தைக்கடை

2011-ல் எரிபொருள் நிறுவனங்கள் கட்டாயமாக இவ்வளவு பயோடீசல் கலக்க வேண்டும் என்ற விதியும் இறுகியிருந்ததே. அந்த ஏற்றம் டாலரால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? விதியே வாங்க வைத்துவிட்டால் டாலர் யாருக்கு?

---

டெமாய்ன்_முத்து

நியாயமான கேள்வி. இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விதி இறுக்கமாக இருந்தால் அளவு முன்பே தீர்மானமாகிவிடும், டாலர் புதிதாக ஒரு கேலனைக்கூடக் கொண்டுவராமல், கலப்பவரின் செலவை மட்டும் குறைத்திருக்கலாம். 2010-ன் சரிவுக்குப் பின்னாலும் வேறு காரணங்கள் உண்டு, குறிப்பாக ஐரோப்பாவுக்குப் போன ஏற்றுமதி 2009-ல் அடைபட்டது.

அதற்கும் இந்த மானியமே காரணம் என்பதுதான் வேடிக்கை. டாலர் கொடுத்தது தயாரித்ததற்கு அல்ல, டீசலோடு கலந்ததற்கு. வெளிநாட்டிலிருந்து பயோடீசலைக் கப்பலில் கொண்டுவந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு டீசல் ஊற்றி, கேலனுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, அதே சரக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 2008 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க பயோடீசல் மீது தண்டவரி போட்டது. அந்தக் கேலன்களுக்கு இங்கே ஒரு ஆலையும் கூடவில்லை, இங்கே ஒருவருக்கும் விலை குறையவில்லை.

---

மலர்விழி

அண்ணன் பேரில் ஒன்று தம்பி பேரில் ஒன்று என்று இவர் சொன்னதைக் கப்பலில் செய்திருக்கிறார்கள்.

---

நித்யா_எம்ஏ

கரும்பலகை சார், கடைசியாக ஒன்று. மானியத்தின் நஷ்டத்தையும் கேட்டிருக்கிறார்கள். வாங்குபவருக்கு 12 × 2000 = 24,000, கூடுதல் 300 மீட்டரில் பாதிக் கணக்கில் 1,800, மொத்தம் 25,800. அரசு செலவு 27,600. வித்தியாசம் 1,800. சரியா?

---

கரும்பலகை

சரி. கூடுதலாக நெய்த 300 மீட்டருக்கும் சமூகம் மீட்டருக்கு 60 செலவழித்தது, அதை வாங்கியவர்களுக்கோ 48-க்கும் 60-க்கும் இடையில்தான் மதிப்பு. அந்த 1,800 அதுதான். மொத்தத் தொகை மானியத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே கூடுதல் மீட்டர்களுக்கான இதே வகை நஷ்டத்துக்கு மேல், 2250 மீட்டருக்கும் மீட்டருக்கு 1 ரூபாய் 67 பைசா வீதம் கூடுதலாக வரும்.

---

பல்லடம்_தறிக்குடோன்

அந்த 1 ரூபாய் 67 பைசாவைக் கேட்டுத்தான் போன தடவை கூலிப் பேச்சுவார்த்தைக்கே போனோம். கிடைக்கவில்லை.